தக்காளி சாதம்: வதக்கி வற்றவைப்பதா, அரைத்து அளந்து ஊற்றுவதா?

ஒரே குக்கரில் செய்யும் தக்காளி சாதம் குழைந்துபோனால் பழி பெரும்பாலும் அரிசி மேலோ விசில் மேலோ விழுகிறது. உண்மையில் தப்பு அதற்கு முன்பே, தண்ணீர்க் கணக்கில் நடந்திருக்கும். தக்காளியின் எடையில் 100க்கு 94, 95 பங்கு தண்ணீர்தான். அரை கிலோ தக்காளி சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு கப் தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுகிறோம். அதை என்ன செய்யப்போகிறோம் என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. ஒன்று, தக்காளியை நறுக்கி எண்ணெய் பிரியும்வரை வதக்கி அந்தத் தண்ணீரை வெளியேற்றுவது. மற்றது, தக்காளியை அரைத்து அந்தச் சாற்றையே சாதம் வேகும் தண்ணீரின் ஒரு பகுதியாகக் கணக்கில் வைப்பது.

இரண்டுக்கும் பொதுவாக ஒரே அளவை எடுத்துக்கொள்வோம். 240 மில்லி கப்பில் தலைதட்டி இரண்டு கப் பச்சரிசி, சுமார் 400 கிராம். களைந்து 20 நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்தது. தக்காளி அரை கிலோ, அதாவது கப்புக்கு கால் கிலோ. கால் கிலோவுக்கு நடுத்தர அளவில் இரண்டரை, மூன்று பழம் வரும். புளிப்பும் நிறமும் இந்த அளவில்தான் சரியாக நிற்கும் என்பது என் அபிப்பிராயம். நல்ல புளிப்பான நாட்டுத் தக்காளி என்றால் கப்புக்கு 200 கிராம் போதும். பழத்தை எண்ணிப் போடுவதைவிட எடை போடுவது நல்லது, ஏனென்றால் ஒரு பழம் 60 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும்.

முதலில் வதக்கும் வழி. தாளிப்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு எல்லாம் ஆனபின் நறுக்கிய தக்காளியையும் உப்பையும் சேர்த்து மூடாமல் வதக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் தக்காளி நீர் விட்டுக் களகளவென்று கொதிக்கும். பலர் தோல் சுருண்டு தக்காளி கரைந்ததைப் பார்த்ததும் போதும் என்று தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். குழைவுக்கு முதல் காரணமே இதுதான். இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். கொதிக்கும் சத்தம் குறைந்து சடசடவென்று பொரியும் சத்தம் வரும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தப் பாதை உடனே மூடாது, ஓரத்தில் எண்ணெய் கசிந்து நிற்கும். அரை கிலோ தக்காளி அப்போது ஏறக்குறைய 200 கிராம் விழுதாகச் சுருங்கியிருக்கும். அதற்குள் இன்னும் முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. அதனால் இரண்டு கப் அரிசிக்கு இரண்டே முக்கால் கப் தண்ணீர் ஊற்றினால் போதும்.

அடுத்தது அரைக்கும் வழி. அரை கிலோ தக்காளியை மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அரைத்தால் ஏறக்குறைய இரண்டு கப் வரும். தாளிப்பில் ஊற்றிப் பச்சை வாசனை போகும்வரை ஐந்து நிமிடம் கொதிக்கவிடலாம். அதில் கொஞ்சம் ஆவியாகும், பெரிதாகக் குறையாது. இதோடு ஒன்றரை கப் தண்ணீர் சேர்த்தால் மொத்தம் மூன்றரை கப். முதல் வழியிலும் விழுதுக்குள் இருப்பதைக் கூட்டினால் கிட்டத்தட்ட அதே மூன்றரைதான் வருகிறது. ஊறிய பச்சரிசிக்குக் கப்புக்கு ஒன்றே முக்கால் என்ற இந்தக் கணக்கு எந்த வழியில் போனாலும் மாறாது. பாஸ்மதிக்கோ சீரக சம்பாவுக்கோ கப்புக்கு மொத்தம் ஒன்றரைக்குள் நிறுத்த வேண்டும்.

பிரச்சினை வருவது இரண்டு வழிகளையும் கலக்கும்போதுதான். அரைத்த சாறு இரண்டு கப் ஊற்றிவிட்டு, வெள்ளைச் சாதத்துக்கு ஊற்றும் பழக்கத்தில் மேலும் நான்கு கப் தண்ணீர் வைத்தால் மொத்தம் ஆறு கப் ஆகிவிடுகிறது. அது தக்காளிக் கஞ்சி. பாதி வதக்கிவிட்டு முழு வதக்கலுக்கான தண்ணீர் ஊற்றினாலும் அதே கதைதான், கொஞ்சம் குறைந்த அளவில்.

எது மேல்? ருசியில் எனக்குச் சந்தேகமே இல்லை, வதக்கியதுதான். தண்ணீர் போனபின் தக்காளி எண்ணெயில் வறுபடுகிறது. புளிப்பின் கூர் மழுங்கி லேசான இனிப்பு வரும், நிறமும் அடர்ந்த சிவப்பாகும். அரைத்ததில் புளிப்பு முன்னால் நிற்கும், நிறம் இளம் ஆரஞ்சு. ஆனால் அளவு தவறாமல் இருப்பதில் அரைத்த வழிக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு: கண்ணை நம்ப வேண்டியதில்லை, கப்பிலேயே எல்லாம் தெரிந்துவிடும். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. கப்புக்கு 300 கிராமுக்கு மேல் தக்காளி போட வேண்டுமென்றால் அரைக்காதீர்கள். சாறே ஒன்றேகால் கப் ஆகிவிடும், தண்ணீருக்கு அதிக இடமிருக்காது. குழம்பு மாதிரி கெட்டியான அந்தக் கலவை குக்கர் அடியில் தங்கிப் பிடித்துக்கொள்ளும், மேலே இருக்கும் அரிசிக்குத் தண்ணீர் சரியாகப் போய்ச் சேராது. அடி கருகி, மேல் அரிசி நடுவில் கடுக்கென்று இருக்கும். அவ்வளவு தக்காளி வேண்டுமென்றால் வதக்குவதே வழி. வதக்கினாலும் தண்ணீர் ஊற்றியதும் அடியை ஒருமுறை கரண்டியால் சுரண்டிவிட வேண்டும்.

இதற்குப் பிறகு இரண்டு வழியும் ஒன்றுதான். தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் அரிசியைப் போடுங்கள். அந்தத் தண்ணீரைச் சுவைத்தால் உப்பு ஒரு துளி தூக்கலாக இருக்க வேண்டும். ஒருமுறை மெதுவாகக் கிளறி மூடி, மிதமான தீயில் இரண்டு விசில். அழுத்தம் தானாக இறங்கியதும் திறந்துவிடுங்கள். மூடியே வைத்திருந்தால் உள்ளே நிற்கும் ஆவி சாதத்தை மேலும் மெத்தென்று ஆக்கும். திறந்த உடனே கிளறவும் கூடாது, சூட்டில் பருக்கை மிருதுவாக இருக்கும்போது கரண்டி பட்டால் உடையும். ஐந்து நிமிடம் ஆறியபின், கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து அடியோடு தூக்கிப் புரட்டினால் உதிரும்.

சரி, கெட்டுப்போனால்? பருக்கை வாய் பிளந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் தண்ணீர் அதிகம். அடுத்த முறை கப்புக்குக் கால் கப் குறையுங்கள். பருக்கை முழுசாக இருந்து மேலே மட்டும் பிசுபிசுப்பு என்றால் தண்ணீரில் தவறில்லை, அரிசியைச் சரியாகக் களையவில்லை அல்லது சூட்டில் கிளறியாயிற்று. கொஞ்சம் ஈரமாக இருக்கும் சாதத்தைக் கிளறாமல் அகலமான தட்டில் பரப்பிவைத்தால் பத்து நிமிடத்தில் ஓரளவு தேறிவிடும். வாய் பிளந்ததை மீட்க வழி இல்லை. நெய் ஊற்றினால் பளபளக்குமே தவிர உதிராது.