இரண்டு ஆண்டாக விளம்பரச் சோதனை: நான் முதலில் பார்ப்பது வெற்றியை அல்ல, தலை எண்ணிக்கையை

கிருஷ்ணகிரி பக்கம் சிறு வியாபாரிகளுக்கு விளம்பரம் செய்து கொடுக்கிறேன். விளம்பரத்தைத் தொட்டு வருபவர்களை இரண்டு பக்கங்களுக்குப் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்பும் ஒரு கருவியை இரண்டு ஆண்டாகப் பயன்படுத்துகிறேன். பிரிக்கும் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் எண்ணிக்கை சாய்ந்தால் எச்சரிப்பதில்லை. அந்தக் குறை என்னைத் தவறான முடிவின் விளிம்பு வரை கொண்டுபோனது.

சந்தூரில் மா ஒட்டுச்செடி நர்சரி வைத்திருக்கும் ஒருவருக்காக நடத்திய சோதனை அது. முதல் பக்கத்தில் படங்கள் மட்டும், இரண்டாவதில் நர்சரியைச் சுற்றிக் காட்டும் வீடியோ. முதல் பக்கத்துக்கு 5,210 பேர் வந்து, 1,042 பேர் வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டிருந்தார்கள்: 20%. வீடியோ பக்கத்துக்கு 4,790 பேர், தொட்டவர்கள் 1,050: 21.9%. கருவி 95 சதவீத நம்பகத்தோடு வீடியோ ஜெயித்ததாகக் காட்டியது. "நான் அப்பவே சொன்னேனே தம்பி, செடியைக் கண்ணால பார்த்தாத்தான் கேப்பாங்க" என்றார் நர்சரிக்காரர்.

எனக்கு 5,210க்கும் 4,790க்கும் உள்ள இடைவெளி உறுத்தியது. நாணயத்தை 10,000 முறை சுண்டினால் 5,000லிருந்து ஐம்பது, நூறு விலகுவது சகஜம். 210 விலகுவது தற்செயலாக நடக்காது. எக்செலில் வந்த எண்ணிக்கையை B2, C2விலும், வந்திருக்க வேண்டிய 5,000ஐ B3, C3யிலும் போட்டுப் பார்த்தேன்:

```
=CHISQ.TEST(B2:C2,B3:C3)
```

சமமாகப் பிரித்தும் தற்செயலாக இவ்வளவு சாய்வதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 0.00003 என்று விடை வந்தது. 0.001க்குக் கீழே போனாலே நான் முடிவைத் தொடமாட்டேன். இப்படி எண்ணிக்கை சாய்வதைத்தான் சாம்பிள் ரேஷியோ மிஸ்மேட்ச் என்கிறார்கள்.

சர்வர் பதிவைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. கருவி அனுப்பியது 5,262 பேரையும் 5,238 பேரையும்; பிரிப்பில் தவறில்லை. எண்ணும் ஸ்கிரிப்ட் பக்கம் முழுதாக ஏறிய பிறகே ஓடுகிறது. வீடியோ ஏறும்வரை பொறுக்காமல் 448 பேர் திரும்பிவிட்டார்கள். படப் பக்கத்தில் அப்படிப் போனவர்கள் 52 பேர்தான். பழைய போனும் மெதுவான சிக்னலும் உள்ளவர்கள் வீடியோ பக்கத்தின் கணக்கிலேயே வரவில்லை. அனுப்பிய ஆட்களால் வகுத்தால் 19.8%, 20.0%. வீடியோவின் முன்னிலை அங்கேயே கரைந்தது.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். எதைப் பிரித்தோமோ அதைத்தான் எண்ண வேண்டும். இரண்டு விளம்பரங்களைப் பார்வையாளர்களுக்குப் பிரித்துக் காட்டினால், பார்த்த ஆட்களை ஒப்பிட வேண்டும். கிளிக் கூடுவதும் குறைவதும் விளம்பரத்தின் விளைவு, அதை வைத்துச் சோதனை பழுது என்று சொல்ல முடியாது. விளம்பரத் தளமே எது நன்றாக ஓடுகிறதோ அதை அதிகம் காட்டும் ஏற்பாட்டில், சமமாகப் பிரிக்கும் எண்ணமே கிடையாது. அங்கே இந்தக் கணக்கைப் போடுவதில் அர்த்தமில்லை.

அப்புறம் எண்ணும் ஸ்கிரிப்டை வீடியோவுக்கு மேலே ஏற்றி, சோதனையைப் புதிதாக ஓட்டினோம். பழைய எண்களைச் சேர்க்கவில்லை. இந்த முறை தலைகள் சமமாக வந்தன, பக்கங்களுக்குள் வித்தியாசம் தெரியவில்லை. நர்சரிக்காரர் வீடியோவை எடுத்துவிட்டு, செடியின் ஒட்டுப் பகுதியை அருகில் எடுத்த படங்களைப் போடச் சொன்னார்.