ஹோட்டல் அறை அட்டையை மொழிபெயர்க்க மூன்று வழிகள்: எதில் எண்கள் பிசகாமல் வரும்?

ஊரிலிருந்து பினாங்குக்கு வரும் சொந்தக்காரர்கள் அறையில் இருக்கும் மலாய் அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, தமிழில் கேட்பார்கள். ஜார்ஜ்டவுன் ஹோட்டல் ஒன்றின் அட்டை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: செக் அவுட் 12.00 தெங்ஙா ஹாரி, அதாவது நண்பகல்; காலை உணவு 6.30 முதல் 10.00 பாகி வரை, பாகி என்றால் காலை; வார இறுதியில் 10.30 வரை. அவசரத்துக்கு வரவேற்பு மேசை 0, போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் 999, அறை தொலைபேசியில் வெளி இணைப்புக்கு முதலில் 9.

கேமராவைக் காட்டினால் படத்தின் மேலேயே தமிழ் வந்து உட்காரும் வழிதான் வேகமானது. அட்டையில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும், ஆனால் நேரத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன். இடப்பக்கம் சேவையின் பெயர், வலப்பக்கம் நேரம் என்று அட்டை இரண்டு பத்தியாக இருந்து படமும் கொஞ்சம் சாய்ந்திருந்தால், காலை உணவின் நேரம் நீச்சல் குளத்தின் வரிக்குப் போய்விடலாம். தமிழ் வரி மலாய் மூலத்தை மூடிவிடுவதால், படிப்பவருக்குச் சந்தேகம்கூட வராது.

இரண்டாவது, படத்திலிருந்து எழுத்தை மட்டும் எடுத்து அதை மொழிபெயர்ப்பது. இதில் மூலம் கண்ணெதிரே இருக்கிறது, அதுவே பெரிய லாபம். ஆனாலும் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையில் ஃபிளாஷ் பட்டால் 6 என்பது 8 ஆகலாம், புள்ளி விழுந்து 10.30 என்பது 1030 ஆகலாம். இவை கண்ணில் படும்: காலை உணவு 8.30-க்குத் தொடங்குகிறது என்று வந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதைவிட மோசம், '9 அழுத்திவிட்டு 999' என்ற வரி 9999 என்று ஒட்டிக்கொள்வது. அவசரத்தில் இருப்பவர் நின்று யோசிக்க மாட்டார்.

மூன்றாவது, ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்வது. இலக்கம் சரியாக வரும், ஆனால் மனிதருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. தமிழ்நாட்டு விருந்தினருக்குப் புரியட்டும் என்று ஆம்புலன்ஸுக்கு 108 என்று மாற்றிவிடுவார்கள். அந்த எண் இங்கே உதவாது, 999 தான்.

அப்படியானால் எதை எடுப்பது? பத்துப் பன்னிரண்டு வரி அட்டை என்றால் மூன்றாவதுதான் என் தேர்வு. பக்கம் பக்கமாக இருந்தால் இரண்டாவது, ஆனால் மொழிபெயர்க்கும் முன் எண்களை எடுத்துவிட்டு அடையாளம் வையுங்கள்:

```
காலை உணவு: [N1] முதல் [N2] வரை
N1 = 6.30, N2 = 10.00
```

சொற்கள் தமிழான பிறகு எண்களைப் படத்தைப் பார்த்தே திரும்பப் போடுங்கள், மொழிபெயர்ப்பைப் பார்த்து அல்ல. தெங்ஙா ஹாரி 'நண்பகல்', அதனால் 'நண்பகல் 12.00' என்றே எழுதுங்கள், வெறும் 12.00 என்றால் நள்ளிரவோ என்று குழம்புவார்கள். வெளி இணைப்பு வரியை இரண்டு படியாகப் பிரியுங்கள்: முதலில் 9, அப்புறம் 999. கைபேசியில் அழைத்தால் அந்த 9 தேவையில்லை என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.