வாராந்த நிலை அறிக்கை: நாள்வாரி மடலா, எக்செல் இணைப்பா, கோரிக்கையை முன்வைக்கும் மடலா?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் முகாமையாளருக்கு அறிக்கை அனுப்புவது என் பொறுப்பு. மூன்று முறைகளையும் மாறிமாறிப் பயன்படுத்திய பிறகு, மூன்றாவதையே தேர்ந்துகொண்டேன்.

நாள்வாரி மடல் எழுத எளிது. ஆனால் திங்கள் நடந்தது மேலேயும், இன்று முடிவு வேண்டிய விடயம் அடியிலேயும் போய்விடும். எக்செல் இணைப்பில் கணக்குத் தெளிவாக இருக்கும். எனினும் மலையில் நின்று கைபேசியில் பார்ப்பவர், சிக்னல் குறைந்த இடத்தில் இணைப்பைத் திறப்பதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைப்பார்.

என் தேர்வைத் தீர்மானித்தது ஒரே காரணம்: மடலைத் திறக்கும் முன்பே கைபேசித் திரையில் தெரிவது தலைப்பும் முதல் வரியும் மட்டுமே. ஒருமுறை, கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறி மோட்டாரில் பியரிங் தேய்ந்து சத்தம் வருவதை நாள்வாரி மடலின் நான்காவது பத்தியில் எழுதியிருந்தேன். முகாமையாளர் அதைக் காணவில்லை. அடுத்த வாரம் மோட்டார் நின்று, காற்றோட்டமின்றிக் கிடந்த கொழுந்து சூடேறிச் சிவந்துவிட்டது. அதே செய்தியை இன்று, கவனம் தேவைப்படும் நிலையைக் குறிக்கும் மஞ்சள் என்ற சொல்லோடு தொடங்கி, இப்படி எழுதுவேன்:

தலைப்பு: மஞ்சள் – விசிறி மோட்டார் பழுதுபார்க்க திங்கள் மதியத்துக்குள் ஒப்புதல் தேவை
தேவை: இரண்டு விலைமனுக்களில் குறைந்ததற்கு ஒப்புதல். தாமதித்தால் ஒரு தொட்டி நிற்கும்.
கொழுந்து: 42,000 கிலோ (சென்ற வாரம் 40,000)
தேயிலை: 8,904 கிலோ, 21.2 வீதம் (சென்ற வாரம் 21.5)
காரணம்: மழையில் நனைந்த கொழுந்து.
அடுத்த வாரம்: உலர்த்தி துப்புரவு, புதன்.

கோரிக்கையில் யார், எதை, எப்போதுக்குள் என்பதோடு, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பகுதி இல்லாத கோரிக்கை வெறும் தகவலாகவே வாசிக்கப்படுகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் சென்ற வார எண்ணை வைப்பதும், வரிகளின் வரிசையை ஒருபோதும் மாற்றாதிருப்பதும், மாறிய இடத்தைக் கண் தானாகப் பிடிக்க உதவுகின்றன. மஞ்சள் என்று எழுதினால் அதனுடன் ஒரு கெடு இருந்தே ஆகவேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறேன். இல்லையேல் எல்லா வாரமும் மஞ்சளாகி, அந்தச் சொல் பொருளிழந்துவிடும்.

மடலில் ஏற்கனவே உள்ள ஒன்றை முகாமையாளர் தொலைபேசியில் கேட்டால், அது தவறான இடத்தில் இருக்கிறது என்று கொண்டு அடுத்த வாரமே மேலே நகர்த்துகிறேன்.

இந்த முறையில் எழுதும் வேலை கூடுதல்; எதைத் தவிர்ப்பது என்று முடிவெடுக்கவே அரை மணி போகிறது. மேலும், நான் ஒரே ஒரு முகாமையாளருக்குத்தான் எழுதி வருகிறேன். பல தொழிற்சாலைகளின் எண்களைக் கொழும்பிலிருந்து ஒப்பிடுபவருக்கு எக்செல் இணைப்பே பொருத்தமாக இருக்கக்கூடும். அப்போதும் கோரிக்கையை மடலிலேயே எழுதி, கணக்கை மட்டும் இணைப்பில் வைப்பேன்.