‘அளவெடுத்துச் செய்த’ இன்சோல் என்று 28,000 ரூபா வாங்குகிறார்கள்: காசு கட்டுமுன் வாசியுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் நடந்த ஒரு ‘இலவச பாதப் பரிசோதனை’யில், குதிக்கால் உளைவோடு போன 52 வயது தையல்காரப் பெண் ஒருவர் 28,000 ரூபா கட்டி, சப்பாத்துக்குள் வைக்கிற இன்சோல் ஒரு சோடி வாங்கியிருக்கிறார். ஒரு தட்டில் ஏறி நிற்கச் சொல்லி, கணினியில் நிறப் படம் காட்டி, “பாருங்கோ அம்மா, சிவப்பாக் கிடக்கிற இடமெல்லாம் பழுது, உங்கட காலுக்கெண்டே செய்யவேணும்” என்றார்களாம். இருபது நிமிடத்தில் பொருள் கையில். இரண்டு மாதமாகியும் காலையில் கட்டிலால் இறங்கும்போது அதே வலி.

அந்தப் படத்தில் பழுது எதுவும் இல்லை. நேராக நிற்கிற எவருக்கும் பாரம் குதிக்காலிலும் முன்பாதத்திலும்தான் கூட இறங்கும். அங்கே சிவப்பு வராவிட்டால்தான் யோசிக்கவேண்டும். அதோடு, அந்தத் தட்டு பாரத்தைத்தான் காட்டும், உள்ளங்கால் குழி எவ்வளவு உயரம் என்று காட்டாது. காலுக்கென்று செய்வதானால் காலின் வடிவம் வேண்டும். மெத்தென்ற நுரைப் பெட்டியில் காலை அழுத்தி எடுப்பார்கள், அல்லது பிளாஸ்டர் சுற்றி எடுப்பார்கள், அல்லது முப்பரிமாண ஸ்கேன் செய்வார்கள். அதற்கு முன் கணுக்காலை அசைத்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, போடுகிற செருப்பின் தேய்மானத்தையும் புரட்டிப் பார்ப்பார்கள். இந்தப் பெண்ணுக்கு இதில் ஒன்றுமே நடக்கவில்லை.

அவருடைய இன்சோலைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 39-40 என்று அச்சிலேயே பதிந்திருக்கிறது. ஆயத்தமாக வரும் சரக்குக்குத்தான் இப்படி இலக்கம் இருக்கும். இலக்கத்தைச் சுரண்டியிருந்தால் இன்னொரு வழி உண்டு. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குழி தாங்கும் மேட்டின் உயரத்தை அடிமட்டத்தால் அளவுங்கள். ஒருவரின் இரண்டு காலும் அச்சொட்டாக ஒன்றாயிருப்பது அரிது. இடமும் வலமும் மில்லிமீற்றர் பிசகாமல் பொருந்தினால், எந்த அச்சிலிருந்து செய்தது என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரிய அநியாயம், அவருக்கு அளவெடுத்துச் செய்ததே தேவையில்லை என்பது. சாதாரண குதிக்கால் வலிக்குச் செய்வித்த இன்சோலையும் கடையில் வாங்கினதையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், வலி குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குதிக்கால் ஆடாமல் இருக்கிற கிண்ணமும், பெருவிரலால் அமத்தினால் முழுதாய்ச் சப்பையாகாத உறுதியும் உள்ள ஆயத்த இன்சோலும், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் போதும்.

அளவெடுத்துச் செய்யவேண்டியவர்கள் வேறு ஆட்கள். சீனி வருத்தத்தால் பாதம் விறைத்து, முன்பு புண் வந்து ஆறியவர்கள். கண்ணிவெடியிலோ செல்லிலோ பாதத்தின் ஒரு பகுதியை இழந்தவர்கள். எலும்பு கோணலாய்ப் பொருந்தியவர்கள். இவர்களுக்குப் பாரத்தை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் இறக்கவேண்டும், இல்லாத இடத்தை நிரப்பவேண்டும். ஆயத்தச் சரக்கு அதைச் செய்யாது. வன்னியில் இப்படியானவர்கள் கனபேர் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்த ஏமாற்று எங்களுக்கு நெஞ்சைச் சுடுகிறது. இவர்கள் முதலில் அரச வைத்தியசாலை கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து செயற்கை அவயவம் செய்கிறவர்களிடம் போகவேண்டும். திறந்த புண் இருக்கும்போது இன்சோல் மருந்தாகாது.

இன்னொன்றையும் விற்பவர்கள் கேட்பதில்லை: எதற்குள் போடப்போகிறீர்கள்? அந்தப் பெண் நாள் முழுக்க வீட்டில் வெறுங்காலோடு தையல் மெசினில் இருக்கிறார், வெளியே போனால் ரப்பர் செருப்பு. இன்சோலுக்குப் பின்வாரும் ஆழமும் உள்ள சப்பாத்தோ சாண்டிலோ வேண்டும், அதில் ஏற்கனவே இருக்கிற உள்தட்டைக் கழற்றிவிட்டுப் போடவேண்டும். அப்படியே மேலே வைத்தால் குதிக்கால் உயர்ந்து கழன்று வரும், விரல்கள் மேலே உரசும். போடாத மணித்தியாலங்களில் எந்த இன்சோலும் வேலை செய்யாது.

வேலை செய்கிறதா என்று பார்க்க, போடுவதற்கு முந்திய ஒரு கிழமை, காலையில் முதல் அடி வைக்கும் வலியை 0 முதல் 10 வரை தினமும் கலண்டரில் எழுதுங்கள். முதல் நாள் ஒரு மணித்தியாலம் போட்டு, நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள். ஆறு கிழமையில் இலக்கம் குறைந்தது இரண்டு மூன்று இறங்கவேண்டும். 7 இருந்தது 7 ஆகவே நின்றால் அது உங்களுக்கு உதவவில்லை. “பழகப் பழகச் சரிவரும்” என்று ஆறு மாதம் இழுக்க விடாதீர்கள். காசு கட்டும்போதே, திருத்தித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று பற்றுச்சீட்டில் எழுதுவித்து வாங்குங்கள்.

விறைத்த காலுக்கு இந்தக் கணக்கு உதவாது, வலியே தெரியாதே. அவர்கள் ஒரு மணித்தியாலம் போட்டுக் கழற்றி, கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கவேண்டும், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லவேண்டும். சிவப்போ, கறுத்த தோலில் கருமை கூடிய சூடான இடமோ அரை மணித்தியாலத்தில் மறையாவிட்டால் அந்த இன்சோலைத் திரும்பப் போடாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.