கிலோவை நம்பி வெட்டிய கிடங்கு: கூட்டெருவில் நான்கு வருட அனுபவம்

2021 இல் யூரியா கிடைக்காமல் போனபோதுதான் எங்கள் ஆரையம்பதி வளவில் கூட்டெருக் கிடங்கு வெட்ட நினைத்தேன். இன்று பாவிப்பது மூன்றாவது கிடங்கு. முதல் இரண்டையும் பிழையாக வெட்டினேன். அளவு கணக்கிடத் தெரியாததுதான் காரணம்.

தொங்கு தராசு ஒன்று வீட்டில் இருந்தது. நான்கு கிழமைகள் சமையல் கழிவை வாளியோடு தூக்கி நிறுத்தேன். வாளியின் நிறையைக் கழித்தால் 7, 8, 9, 8 கிலோ. சராசரி 8 கிலோ. மீன் செதிலும் குடலும் அதற்குள் அடக்கம். பொச்சுமட்டையையும் சிரட்டையையும் சேர்க்கவில்லை. மூன்று மாதத்தில் அவை உக்கப்போவதில்லை. நிறையில் சேர்த்தால் கணக்குத்தான் குழம்பும்.

பன்னிரண்டு கிழமைக்கு 96 கிலோ வரும். ஒரு கிலோ ஒரு லீற்றர் என்று மனதுக்குள் போட்டுக்கொண்டேன். பாதுகாப்புக்கு இரட்டிப்பாக்கி, இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் என்று வெட்டினேன். ஏறத்தாழ 226 லீற்றர். மூன்றாம் கிழமை முடியுமுன் கிடங்கு நிரம்பி வழிந்தது. மனைவி தும்புத்தடியோடு நின்றுகொண்டு, "மாமரத்துச் சருகையும் நிறுத்தீர்களா?" என்று கேட்டாள். நிறுக்கவில்லை. காற்றில் பறக்கிற சருகுக்கு என்ன நிறை இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

பிழை அங்கேதான் இருந்தது. சருகு தராசில் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், கிடங்கிலோ இடத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொள்ளும். பிறகு அதையும் நிறுத்தபோது கிழமைக்கு 4, 9, 5, 6 கிலோ என்று வந்தது. சராசரி 6. நிறையோடு கன அளவையும் பார்த்தேன். பத்து லீற்றர் வாளி நிறையச் சமையல் கழிவு 5 கிலோ இருந்தது. ஆகவே 8 கிலோவுக்கு 16 லீற்றர் போதும். நெல் சாக்கு ஒன்றில் சருகைக் கையால் அமுக்கி நிரப்பினால் 6 கிலோ. அதே சாக்கைச் சருகு வாளியால் நிரப்பிப் பார்த்தேன், ஒன்பது வாளி பிடித்தது. அதாவது 90 லீற்றர். நிறையில் குறைந்த சருகு, இடத்தில் ஐந்து மடங்குக்கும் மேல்.

இந்த எண்கள் என் வளவுக்கு உரியவை. மாஞ்சருகு தடிப்பானது, வேப்பஞ்சருகு நெருக்கமாகப் படியும். உங்கள் வாளியையும் உங்கள் சாக்கையும் வைத்து ஒருமுறை அளந்தால்தான் உங்கள் கணக்கு சரிவரும்.

இரண்டையும் கூட்டினால் 106 லீற்றர். ஈரக் கழிவு சருகின் இடுக்குகளுக்குள் இறங்கிவிடுவதால் 100 என்று எடுத்தேன். பன்னிரண்டு கிழமைக்கு 1200 லீற்றர். ஆனால் கடைசிக் கிழமைக் கழிவு விழும்போது முதல் கிழமையில் போட்டது பாதிக்கும் கீழே அமர்ந்திருக்கும். ஒரு கம்பில் கோடு போட்டு நட்டுக் கிழமைக்கொருமுறை பார்த்தேன். எல்லாம் சேர்ந்து, போட்ட அளவில் பத்தில் ஆறு பங்கு நின்றது. 1200 இல் ஆறு பங்கு என்றால் 720 லீற்றர். மூன்றடிச் சதுரத்தில் மூன்றடி உயரம் 27 கன அடி, ஒரு கன அடி 28.3 லீற்றர், ஆக 764. எனக்கு வேண்டிய அளவு அதுதான். நிரம்பியதை மூடி பன்னிரண்டு கிழமை விட வேண்டும். அந்தக் காலத்தில் கழிவு நிற்காதே, அதற்காக அதே அளவில் பக்கத்தில் இன்னொன்றும் வேண்டும்.

கணக்குச் சரியாகியும் இரண்டாவது கிடங்கு பாழானது. கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று நான்கடி ஆழம் தோண்டினேன். எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே, மணலில் இருந்துகொண்டு செய்யக்கூடாத வேலை இது. கார்த்திகை மழையோடு கீழிருந்து தண்ணீர் ஊறியது. மேலே கிடுகு போட்டு மூடியது ஒன்றுக்கும் உதவவில்லை. மார்கழியில் கம்பியால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். அடியில் கறுத்த களி, அதற்குள் போன மாதத்து வாழைப்பழத் தோல் நிறம்கூட மாறாமல் கிடந்தது. காற்றில்லாமல் அழுகுகிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். அயல் வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அப்பால் நின்று, "தம்பி, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டா வெட்டினாய்?" என்றார். மாரியில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் தரையிலிருந்து இரண்டடிக்குள் ஏறிவிடும். அதுதான் என் ஆழத்தின் எல்லை, அதிலும் ஓரடி விட்டு நிறுத்த வேண்டும்.

மூன்றாவதை ஓரடி மட்டும் தோண்டி, மீதி இரண்டடியைத் தரைக்கு மேலே கல்லால் கட்டுவித்தேன். கல்லுக்குக் கல் இரண்டு விரல் இடைவெளி விடச் சொன்னேன். மேசனுக்கு அது பிடிக்கவில்லை, இடைவெளி விட்ட சுவரைத் தன் பெயரில் கட்ட அவருக்கு மனமில்லை. ஆனால் காற்றுப் போகும் வழி அதுதான். முன்பக்கம் பலகை, கழற்றினால் மண்வெட்டி உள்ளே போகும். இந்த மாற்றத்தால் கொள்ளளவு குறையவில்லை, இடம் கீழிருந்து மேலே போனது, அவ்வளவுதான்.

இந்த அளவில் சூடும் வந்தது. இரண்டடிக் கிடங்கு ஒருநாளும் சூடானதில்லை. மூன்றடியில், நிரம்பி வரும் நாட்களில் விடியற்காலை பலகையைத் தள்ளினால் ஆவி எழும்பும், நடுவில் கைவைத்திருக்க முடியாது. மூலைகள் மட்டும் குளிர்ந்தே கிடக்கும், அவற்றை மாதம் ஒருமுறை நடுவுக்கு இழுத்துவிடுகிறேன். மீன் கழிவையும் நடுவில்தான் புதைக்கிறேன், ஓரத்தில் போட்டால் பூனைக்குத்தான் லாபம்.

கச்சான் காற்றுக் காலத்தில் பிரச்சினை வேறு. தரைக்கு மேலுள்ள பகுதி வரண்டு, சருகு சருகாகவே கிடக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்ப்பேன். ஓரிரு துளி வந்தால் போதும், ஒன்றும் வராவிட்டால் இரண்டு வாளி தண்ணீர். சருகு கூடக் கொட்டுகிற கிழமையில் எல்லாவற்றையும் கொட்டாமல் சாக்கில் கட்டி வைக்கிறேன். மழைக் கிழமைகளில் காய்ந்த சருகு கிடைப்பதில்லை, அப்போது அந்தச் சாக்குத்தான் கைகொடுக்கிறது. இதனால்தான் சராசரியை வைத்து அளவெடுக்க முடிகிறது, இல்லாவிட்டால் 9 கிலோ வந்த கிழமையை வைத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு சுற்றுக்குக் கிழமைக்கு 14 கிலோவாக 168 கிலோ போடுகிறேன். அரித்து எடுத்தால் 60 கிலோ அளவில் கிடைக்கிறது. தக்காளிக்கும் கத்தரிக்கும் போதும், தென்னைக்குப் போதாது.

களுவாஞ்சிகுடியில் மச்சான் கேட்டார். அவர் வளவில் சருகு கிழமைக்கு 25 கிலோ, சமையல் கழிவு எங்களைப் போலவே. சருகு 375 லீற்றர், அதோடு 16, இடுக்குக்குள் இறங்குவதைக் கழித்து 380. பன்னிரண்டால் பெருக்கி ஆறு பங்கு எடுத்தால் ஏறத்தாழ 2740 லீற்றர், 97 கன அடி. ஆழமாக்க வேண்டாம், அகலத்தையும் நான்கடிக்கு மேல் விட வேண்டாம், நடுவுக்குக் கை எட்டாது என்றேன். நான்கடி அகலம், எட்டடி நீளம், மூன்றடி உயரம். கட்டிவிட்டார். சமையல் கழிவு அவ்வளவு சருகுக்குப் போதாமல் உக்க நேரம் எடுக்கிறதாம். கிழமைக்கு இரண்டு வாளி மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.