மரமா, கூறா? உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ் கணக்கில் இரண்டு வழிகள்

கொழும்பில் கன்சல்டிங் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகவிருக்கும் என் தங்கச்சியோடு மூன்று வாரமாக ஒவ்வொரு மாலையும் திண்ணையில் இருந்து கேஸ் பழகுகிறோம். கேஸ் என்றால் ஒரு தொழிலின் சிக்கலைச் சொல்லி, அதை எண்களோடு அலசச் சொல்லும் நேர்முகக் கேள்வி. ஏதோ ஒரு நாட்டுத் தொழிற்சாலையை வைத்துப் பழகுவதைவிட திருகோணமலையிலேயே கண்ணுக்குத் தெரிகிற தொழிலை எடுத்தால் கணக்கு பிடிபடும் என்று ஒரு கேஸ் நானே கட்டினேன். உப்புவெளிக் கடற்கரையில் பத்து அறை உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸ். போன வருட இலாபம் 66 இலட்சம் ரூபா, இந்த வருடம் 52 இலட்சம். ஏன் குறைந்தது? எண்கள் எல்லாம் பயிற்சிக்காக வைத்தவை.

இந்த மாதிரிக் கேள்வியை இரண்டு வழியில் பிரிக்கலாம். ஒன்று இலாப மரம். இலாபத்தை வருமானம், செலவு என்று பிரித்து, வருமானத்தை விலை, அளவு என்றும், செலவை நிலையானது, மாறுவது என்றும் பிரித்துக்கொண்டு போவது. மற்றது தொழிலையே முதலில் கூறுபோடுவது. எந்தக் காலம், எந்த வாடிக்கையாளர், எந்தப் பொருள் என்று பிரித்து, எந்தக் கூறில் பணம் குறைந்தது என்று பார்ப்பது.

தங்கச்சி மரத்தைத்தான் வரைந்தாள். கேட்ட எண்களைக் கொடுத்தேன். விற்ற அறை இரவுகள் 1,830 இலிருந்து 1,950 ஆகக் கூடியிருக்கின்றன. ஓர் இரவின் சராசரி விலை ஏறத்தாழ 9,930 ரூபாவிலிருந்து 8,770 ஆக இறங்கியிருக்கிறது. நிலையான செலவு 70 இலட்சம், மாறவில்லை. துவைப்பு, காலைச் சாப்பாடு, துப்புரவு எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 2,500 ரூபா, அதுவும் மாறவில்லை. "விலைதான் அண்ணா விழுந்திருக்கு. அறை நிரம்புதுதானே, விலையைக் கூட்டச் சொல்லலாம்" என்றாள்.

மரத்தில் எந்தப் பிழையும் இல்லை, கூட்டல் கழித்தலும் சரி. ஆனால் முடிவு தவறு, ஏனென்றால் அந்தக் கெஸ்ட் ஹவுஸில் யாரும் விலையைத் தொடவே இல்லை. அதே எண்களைக் காலத்தால் பிரித்தால் இப்படி வரும்:

| | விலை (ரூபா) | போன வருடம் (இரவுகள்) | இந்த வருடம் (இரவுகள்) |
|---|---|---|---|
| சீசன், மே முதல் செப்டெம்பர் வரை | 12,000 | 1,200 | 900 |
| மற்ற மாதங்கள் | 6,000 | 630 | 1,050 |

சீசனில் 300 இரவு போய்விட்டது. ஓர் இரவில் கையில் நிற்பது 12,000 கழித்தல் 2,500, அதாவது 9,500 ரூபா. ஆகவே இழப்பு 28.5 இலட்சம். மற்ற மாதங்களில் 420 இரவு கூடியிருக்கிறது. அங்கே ஓர் இரவில் நிற்பது 3,500 ரூபாதான், ஆகவே வரவு 14.7 இலட்சம். இரண்டுக்கும் இடையில் 13.8 இலட்சம், இலாபம் குறைந்த தொகையும் ஏறத்தாழ அதுதான். சீசனில் ஏறத்தாழ 80 வீதம் நிரம்பிய அறைகள் ஏறத்தாழ 60 வீதமாக இறங்கியதுதான் நோய். மாரி மாதங்களில் வந்த புதிய ஆட்கள் அதை மூடி மறைத்திருக்கிறார்கள். சராசரி விலை இறங்கியது மலிவான இரவுகளின் பங்கு கூடியதால் வந்த விளைவு. விலையைக் கூட்டச் சொல்லியிருந்தால் சீசனில் இன்னும் கொஞ்சப் பேரை இழக்கச் சொன்னது போலத்தான்.

மரத்தோடு போகிறவர் இந்தப் பள்ளத்தை முன்கூட்டியே காணலாம். அளவு ஒரு பக்கமும் சராசரி விலை மறுபக்கமும் போனால் உடனே நிற்க வேண்டும். "இது எல்லோருக்கும் ஒரே விலையா, சராசரியா?" என்று கேட்டால் போதும், நேர்முகம் நடத்துபவர் பிரித்த எண்ணை எடுத்துத் தருவார். எந்தக் கோட்டில் வெட்டுவது என்பதும் முக்கியம். தங்கச்சி இரண்டாம் முறை முயன்றபோது அறை வகையால் வெட்டினாள். பத்து அறையும் ஒரே மாதிரி என்பதால் ஒன்றும் தெரியவில்லை, நேரம்தான் போனது. விலையும் நிரம்பும் வீதமும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே வெட்ட வேண்டும். வடகீழ்ப் பருவ மழையில் கடல் கொந்தளிக்கும் இந்தக் கரையில் அது முதலில் காலம்தான். காலியில் அதே தொழிலுக்கு மாதங்கள் தலைகீழாகும்.

மரம் வெல்லும் இடமும் உண்டு. மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் விற்கும் ஆலையை எடுங்கள். ஒரே பொருள், ஒரே விலை, வெட்டுவதற்குக் கூறு இல்லை. இலங்கையில் மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. அந்தக் காலத்து ஐஸ் ஆலை என்றால் செலவுக் கிளையில் இரண்டு படி இறங்கியதுமே விடை கிடைத்துவிடும். அங்கே கூறுபோடத் தொடங்குவது வீண் வேலை.

ஆகவே நான் தங்கச்சிக்குச் சொன்னது: இரண்டு படி மரம் வரை, எண் கேள், எந்தக் கிளையிலும் இறங்குவதற்கு முன் ஒரு முறை வெட்டிப் பார். மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தில் நேர்முகம் நடத்துபவரே அடுத்த கேள்விக்கு இழுத்துக்கொண்டு போவார். வேட்பாளர்தான் வழிநடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கும் நேர்முகங்களில் அந்த வெட்டை யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

அப்புறம் கேஸின் இரண்டாம் பாதி. சீசன் ஆட்களைத் திரும்பப் பிடிக்க உரிமையாளர் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விட நினைக்கிறார். ஒரு சீசனில் எத்தனை பேர் அந்தத் தீவுக்குப் போவார்கள்? இதற்கும் இரண்டு வழிதான்: மேலிருந்து இறங்குவது, கீழிருந்து ஏறுவது.

மேலிருந்து: 2024 இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டவர் 20 இலட்சத்துக்குச் சற்று அதிகம். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குவார்கள், முழு எண்ணையும் எடுத்துவிடுவார்கள். நாட்டின் கூட்டம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை, நம் சீசன் அதற்கு எதிர்ப்பக்கம். அந்த ஐந்து மாதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 7 இலட்சம் என்று வைத்தோம். அவர்களில் பத்தில் ஒருவர் திருகோணமலை வருவார், வந்தவர்களில் பாதிப் பேர் தீவுக்குப் போவார்கள் என்ற ஊகத்தில் 35,000 பேர்.

கீழிருந்து: 60 படகு, நாளுக்குச் சராசரி ஒன்றரைப் பயணம், ஒரு பயணத்தில் ஆறு பேர், கடல் அனுமதிக்கும் 130 நாள் என்று ஊகித்தால் 70,200 பேர். படகு எண்ணிக்கையைக் கரையில் நின்று எண்ணிச் சரிபார்க்கலாம், அதனால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். கவனிக்க வேண்டியது ஒன்றரைப் பயணம் என்ற இடம். படகு மூன்று தடவை போக முடியும் என்பதற்காக மூன்றை வைத்தால் கிடைப்பது படகுகளின் கொள்ளளவு, சந்தை அல்ல.

ஒன்று மற்றதன் இரு மடங்கு. தங்கச்சி உடனே ஊகங்களை மாற்றி இரண்டையும் ஒட்டவைக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. முதல் கணக்கு யாரை எண்ணவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கண்டியில இருந்து வான் பிடிச்சு வாற சனம்" என்றாள். உள்ளூர்ப் பயணிகள்! பாடசாலை விடுமுறையில் குடும்பமாக வருகிறவர்களை அந்தக் கணக்கு தொடவே இல்லை. மீதி 35,000 பேரும் அவர்கள்தான் என்று எடுத்தால் உரிமையாளரின் கேள்வியே மாறிவிடுகிறது: 12,000 ரூபா அறையில் தங்குபவர்களுக்குப் படகு விடுவதா, காலையில் வந்து மாலையில் திரும்பும் வான்களுக்கு விடுவதா? நாளை மாலை அங்கிருந்து தொடங்குகிறோம்.