மூணு மானிட்டர், பின்னாடி ரெண்டே போர்ட்டு: டெய்சி செயினா, தனித்தனி கேபிளா?

டிஸ்ப்ளேபோர்ட் நல்லதா ஹெச்டிஎம்ஐ நல்லதான்னு கேட்டா ஒரே ஒரு மானிட்டர் வச்சிருக்கவங்களுக்கு என் பதில், எது கையில இருக்கோ அத சொருகுங்க. ரெண்டுமே டிஜிட்டல் சிக்னல்தான், ஒரே ரெசல்யூஷன், ஒரே ரெஃப்ரெஷ் ரேட், கலர் செட்டிங்கும் ஒண்ணா இருந்தா படத்துல வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. மேசைல ரெண்டு மூணு மானிட்டர் வந்து உக்காரும்போதுதான் இந்தக் கேள்விக்கே அர்த்தம் வருது, அதுவும் நம்ம பிசி சின்னதா இருந்து பின்னாடி ஒரு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு ஹெச்டிஎம்ஐ மட்டும் இருந்தா.

என் மேசை அப்படித்தான். உள்ளங்கைய விட கொஞ்சம் பெரிய பிசி, 27 இஞ்ச் மானிட்டர் மூணு, மூணுமே 2560×1440. போர்ட் ரெண்டு, மானிட்டர் மூணு, என்ன பண்றது?

முதல்ல மனசுல வர்றது ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர். வாங்கிடாதீங்க. அது ஒரே படத்த ரெண்டு ஸ்க்ரீன்லயும் காட்டும், அவ்ளோதான், கம்ப்யூட்டருக்கு ரெண்டு மானிட்டர் இருக்குன்னே தெரியாது. ஹெச்டிஎம்ஐ டிவிக்காக வளந்த விஷயம், ஒரு போர்ட்டுன்னா ஒரு ஸ்க்ரீன். 2.1 வெர்ஷன்ல 48 ஜிகாபிட் வரைக்கும் போகுது, ஆனா அத்தனை அகலமான ரோடுலயும் ஒரே வண்டிதான் போகும்.

டிஸ்ப்ளேபோர்ட் இங்கதான் வேற ஜாதி. அதுல டேட்டா சின்னச் சின்ன பொட்டலமா போகுது, அதனால 1.2 வெர்ஷன்ல எம்எஸ்டின்னு ஒண்ணு கொண்டுவந்து ஒரே கேபிள்ல பல மானிட்டருக்கான படத்த கலந்து அனுப்ப வழி பண்ணாங்க. பிசில இருந்து முதல் மானிட்டரோட DP IN, அந்த மானிட்டரோட DP OUTல இருந்து அடுத்ததோட DP IN, இப்படியே சங்கிலி மாதிரி. முதல் மானிட்டர் தனக்கானத எடுத்துக்கிட்டு மிச்சத்த அடுத்தவனுக்குத் தள்ளிவிடும், பந்தில இலை இலையா பரிமாறிட்டுப் போற மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆனா DP OUT எல்லா மானிட்டர்லயும் கிடையாது, வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்க போட்டோவ பெருசு பண்ணிப் பாருங்க. இல்லன்னா எம்எஸ்டி ஹப்னு தனி டப்பா இருக்கு, வேலை அதேதான்.

நானும் ஆசையா மூணையும் சங்கிலியா மாட்டினேன். முதல் ரெண்டும் டக்குனு வந்துச்சு. மூணாவதும் வந்துச்சு, ஆனா எழுத்தெல்லாம் மங்கலா, செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தா 1920×1080க்கு மேல லிஸ்ட்லயே இல்ல. கேபிள மாத்தினேன், மானிட்டர் வரிசைய மாத்தினேன், டிரைவர தூக்கிட்டு திரும்பப் போட்டேன், எந்த மானிட்டர கடைசில வச்சாலும் அதுதான் மங்குது. அப்புறம்தான் பேப்பர் எடுத்து கணக்கு போட்டேன், அத முதல்லயே பண்ணிருக்கணும்.

2560×1440 பிக்சல், செகண்டுக்கு 60 தடவ, ஒரு பிக்சலுக்கு 24 பிட். பெருக்கினா 5.3 ஜிகாபிட் வரும், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவுல விடுற இடைவெளியும் சேர்த்தா கிட்டத்தட்ட 5.8. டிஸ்ப்ளேபோர்ட் 1.2ல பெட்டி மேல 21.6னு போட்டிருந்தாலும் படத்துக்குன்னு உண்மையா கிடைக்கிறது 17.28. மூணு மானிட்டருக்கு 17.4 வேணும். இத்துனூண்டு இடிக்குது, அதுக்காக மூணாவது மானிட்டர் பலி! அத 1080க்கு இறக்கினா அதுக்கு 3.3 போதும், மொத்தம் 15க்குள்ள அடங்கிடும், அதான் அந்த மங்கல் படம்.

தீர்வு ரொம்ப சிம்பிள்: ரெண்டு மானிட்டர் சங்கிலில, மூணாவது ஹெச்டிஎம்ஐல. சங்கிலி மேல 11.6 தான் ஏறுது, ஹெச்டிஎம்ஐ தனி ரோடு, பழைய 1.4 வெர்ஷன் கூட ஒரு 1440 மானிட்டர 60ல தாங்கும். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, பிசியோட கிராஃபிக்ஸ் மொத்தம் எத்தன ஸ்க்ரீன ஓட்டும்னு ஒரு உச்சவரம்பு இருக்கும், செயின் போட்டாலும் அத தாண்ட முடியாது.

பிசி 1.4 வெர்ஷனா இருந்தா கிடைக்கிறது 25.92, அதுல மூணு 1440 தாராளமா போகும். ஆனா இதுலயும் ஒரு பொறி இருக்கு. சங்கிலியோட மொத்த பாரமும் பிசிக்கும் முதல் மானிட்டருக்கும் நடுவுல இருக்கிற கேபிள்லதான் போகுது, அதனால முதல் மானிட்டர் பழைய 1.2ன்னா பிசி எவ்ளோ புதுசா இருந்தாலும் திரும்ப 17.28தான். புது மானிட்டர பிசி பக்கத்துல வைங்க, பழச வால்ல வைங்க.

செயின் போட்டும் ரெண்டுலயும் ஒரே படம் வருதுன்னா, இல்ல ரெண்டாவது கருப்பாவே இருக்குன்னா, பெரும்பாலும் முதல் மானிட்டரோட மெனுல MST ஆஃப்ல இருக்கும். சில மானிட்டர்ல அந்தப் பேர்லயே இருக்காது, DisplayPort 1.2னு ஒரு ஆப்ஷனா ஒளிஞ்சிருக்கும். அத ஆன் பண்ணுங்க, வரிசைல கடைசி மானிட்டர்ல மட்டும் ஆஃப்ல விடுங்க, அதுக்கப்புறம் யாரும் இல்லயே. லினக்ஸ் ஆளுங்க இத அடிச்சுப் பாக்கலாம்:

```
xrandr --query | grep " connected"
```

DP-1-1 மாதிரி இன்னொரு நம்பர் ஒட்டிக்கிட்டு வந்தா எம்எஸ்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

தனித்தனி கேபிளுக்கு இருக்கிற ஒரு பெரிய சௌகரியத்தையும் சொல்லிடணும். செயின்ல முதல் மானிட்டரோட பவர் வயர பிடுங்கினா பின்னாடி இருக்கிறதும் சேர்ந்து போயிடும். டிஸ்ப்ளேபோர்ட்ல பொதுவாவே இந்தத் தொல்லை உண்டு, மானிட்டர் தூங்கினா பிசி அத கழட்டிட்டாங்கன்னு நெனச்சு திறந்திருந்த விண்டோ எல்லாத்தையும் ஹெச்டிஎம்ஐல இருக்கிற மானிட்டருக்குத் துரத்திடும், சாப்பிட்டு வந்து பாத்தா எல்லாம் ஒரே ஸ்க்ரீன்ல குவிஞ்சு கிடக்கும். மெனுல டீப் ஸ்லீப் மாதிரி ஏதாவது இருந்தா ஆஃப் பண்ணுங்க, எனக்கு பாதி குறைஞ்சுது, முழுசா போகல.

மேக் வச்சிருக்கவங்க செயின் பக்கமே வராதீங்க. மேக்ஓஎஸ் எம்எஸ்டிய கண்டுக்காது, செயின்ல இருக்கிற எல்லாத்துலயும் ஒரே படத்ததான் காட்டும், அங்க தனித்தனி கேபிள் இல்லன்னா தண்டர்போல்ட் டாக்தான். லேப்டாப்ல யூஎஸ்பி-சி டாக் வழியா போறவங்களும் கவனிங்க, சாதா டாக்ல வேகமான யூஎஸ்பியும் ஓடணும்னா படத்துக்கு நாலு லேன்ல ரெண்டுதான் கிடைக்கும், அதாவது 1.2 வேகத்துல 8.64. ரெண்டு 1080 போகும், ரெண்டு 1440 போகாது.

கடைசியா அடாப்டர். பிசில டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர்ல ஹெச்டிஎம்ஐன்னா பெரும்பாலும் சாதா சின்ன அடாப்டரே போதும், பிசி போர்ட் பக்கத்துல DP++ போட்டிருக்கான்னு பாருங்க. தலைகீழா, பிசில ஹெச்டிஎம்ஐ, மானிட்டர்ல டிஸ்ப்ளேபோர்ட்னா அது வேலைக்காகாது, பவர் எடுக்குற ஆக்டிவ் கன்வர்ட்டர்தான் வேணும், அதுக்குன்னு ஒரு யூஎஸ்பி வால் தொங்கும். நான் மூணாவது மானிட்டர வாங்கும்போது ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா பாத்து வாங்குனதால அந்த வால் இல்லாம தப்பிச்சேன்.